விழுந்தால் கடிகாரம் என்ன செய்யும்? - அம்மாவுக்கு ஒரு விளக்கம்

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் எம்மவர்களின் பிள்ளைகள், தனித்திருக்கும் தாய் தந்தையருக்கு அண்மைக் காலமாக வாங்கிக் கொடுக்கும் பரிசுகளில் முதலிடம் வகிப்பது திறன் கடிகாரமாகும். "அம்மா விழுந்தால் அதுவே அம்புலன்ஸைக் கூப்பிடும்" என்று கூறிக் கையில் கட்டிவிட்டு, மகன் வேலைக்குச் சென்று விடுகிறார். தாயும் அதனை நம்பி விடுகிறார். இந்த ஒற்றை வாக்கியம் அரை உண்மை என்பதும், மறு பாதி தெரியாமையினால் ஒரு மூதாட்டி பல மணி நேரம் குளியலறைத் தரையில் கிடக்க நேரிடலாம் என்பதுமே இப்பத்தி எழுதப்படுவதற்கான காரணமாகும்.

சந்தையில் பல நிறுவனங்களின் கடிகாரங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இயங்குகின்றது. எனவே எம்மவர் மத்தியில் அதிகம் காணப்படும் அப்பிள் கடிகாரத்தை மட்டும் இங்கு எடுத்துக் கொள்கின்றேன். விழுதலைக் கண்டறியும் வசதி 2018ஆம் ஆண்டு வெளிவந்த நான்காம் வரிசைக் கடிகாரத்துடன் அறிமுகமானது. அதன் பின்னர் வந்த வரிசைகளிலும், விலை குறைந்த எஸ்ஈ வகையிலும் இவ்வசதி உண்டு. இடமாக நான் எடுத்துக் கொள்வது ரொறன்ரோவின் ஸ்காபுரோ பகுதியாகும். அங்குள்ள மாடிக் குடியிருப்புகளில் தனியாகவோ, பகல் முழுவதும் தனித்தோ இருக்கும் எமது மூத்தோர் ஏராளம்.

நண்பர் ஒருவரின் தாயாருக்கு இதனை விளக்கும் பொறுப்பு சில மாதங்களுக்கு முன்னர் என்னிடம் வந்து சேர்ந்தது. மகன் ஏற்கனவே இருமுறை விளக்கியிருந்தார். ஆனால் உணரி, செயலி, அமைப்பு என்று அவர் கூறிய எதுவும் தாயாரின் மனதில் பதியவில்லை. அந்த அம்மையாரின் வயது 81. யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவர். அவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "தம்பி, நான் விழுந்தது இதுக்கு எப்பிடித் தெரியும்? இதுக்குக் கண் இருக்கோ?" என்பதாகும். மிகச் சரியான கேள்வி. பதிலைத் தெரிந்து கொண்டால் கடிகாரத்தின் பலமும் பலவீனமும் ஒருங்கே புலப்பட்டு விடும்.

கடிகாரத்துக்குக் கண் இல்லை. மணிக்கட்டு எவ்வளவு வேகமாக, எந்தத் திசையில் அசைகின்றது, எப்படித் திரும்புகின்றது என்பதை அளக்கும் இரு சிறு கருவிகள் அதனுள் உள்ளன. கால் தடுக்கி ஒருவர் விழும்போது கைகள் தன்னிச்சையாக முன்னே நீளும். வழுக்கி விழும்போது கைகள் மேலே எழும். அதனைத் தொடர்ந்து உடல் தரையில் மோதும்போது பலத்த அதிர்வு ஏற்படும். இந்த அசைவும் அதிர்வும் ஒன்றையடுத்து ஒன்றாக வந்தால், "இவர் பலமாக விழுந்து விட்டார்" என்று கடிகாரம் முடிவு செய்கின்றது.

அந்த அம்மையாருக்கு நான் இதனை, "உங்கட கண்ணை அல்ல, கையைத்தான் இது பார்க்குது அம்மா. கை பலமாக ஆடி, உடம்பு பலமாக இடிபட்டால்தான் இதுக்கு விளங்கும்" என்று கூறினேன். உடனே அவர், "அப்ப கட்டிலாலை மெல்லச் சரிஞ்சு கீழை இருந்தால்?" என்று கேட்டார். அதுதான் விடயம். கட்டிலிலிருந்து மெதுவாகச் சரிவது, மயக்கம் வரும்போது சுவரைப் பிடித்தபடி கீழே அமர்வது, கதிரை நுனியிலிருந்து நழுவுவது போன்றவற்றில் பலத்த மோதல் இல்லை. ஆதலால் கடிகாரம் மௌனமாகவே இருந்துவிடக் கூடும். எல்லா விழுதல்களையும் தமது கருவி கண்டறியாது என்று அந்நிறுவனமே எழுதி வைத்திருக்கின்றது. முதியவர்கள் கீழே கிடக்க நேர்வது எப்போதும் தடாலென்று விழுந்து அல்ல. மெல்லச் சரிந்தவரும் எழும்ப முடியாமற் கிடப்பதுண்டு.

இனிக் கடிகாரம் விழுதலை உணர்ந்து விட்டது என்று வைத்துக் கொள்வோம். அடுத்து நடப்பதையே மூத்தோர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். கடிகாரம் மணிக்கட்டில் தட்டும், ஒலி எழுப்பும். திரையில் நீங்கள் பலமாக விழுந்தது போலத் தெரிகின்றது என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி தோன்றும். அவசர அழைப்புக்கான Emergency SOS என்ற வழுக்குப் பட்டையும், தாம் நலம் என்று தெரிவிப்பதற்கு I'm OK என்ற சொற்கள் அடங்கிய பொத்தானும் காணப்படும்.

இங்கேதான் பெரும்பாலான பிள்ளைகள் அறியாத விதி ஒன்று உள்ளது. விழுந்தவர் சுமார் ஒரு நிமிடம் வரை அசைவற்றுக் கிடந்தால் மாத்திரமே கடிகாரம் தானாக அழைக்கும். அவர் அசைகின்றார் என்று கண்டால் அது அழைக்காது. அவர் ஏதாவது ஒன்றை அழுத்தும் வரை காத்துக் கொண்டிருக்கும்.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்ப்போம். 78 வயதுத் தாயொருவர் ஒன்பதாம் மாடியில் வசிக்கின்றார். மகனுக்கு இரவு வேலை. அதிகாலை 2.40 அளவில் குளியலறைக்குச் செல்லும் அவர், ஈரத் தரையில் வழுக்கி இடது பக்கமாக விழுகின்றார். இடுப்பு எலும்பு முறிந்து விடுகின்றது. ஆனால் நினைவு தப்பவில்லை. கடிகாரம் தட்டி ஒலி எழுப்புகின்றது. அம்மா என்ன செய்வார்? கையை ஊன்றி எழும்ப முயல்வார். முகம் கழுவும் தொட்டியைப் பிடிக்க எட்டுவார். வலி தாளாமல் கையை அசைப்பார். இவை அனைத்தும் கடிகாரத்துக்கு ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: இவர் அசைகின்றார், எனவே தாமே பதில் கூறுவார். அம்மாவோ, மகன் கூறியதை நினைத்து, இதோ அம்புலன்ஸ் வருகின்றது என்று நம்பிக் காத்திருக்கின்றார். கடிகாரம் அம்மாவுக்காகக் காத்திருக்கின்றது. அம்மா கடிகாரத்துக்காகக் காத்திருக்கின்றார். விடியற்காலை ஏழு மணிக்கு மகன் கதவைத் திறக்கும் வரை எவரும் வரமாட்டார்கள்.

நான்கு மணித்தியாலங்களுக்கு மேலாகக் குளிர்ந்த தரையில் கிடப்பது முதிய உடலுக்குச் சிறிய விடயமல்ல. உடல் வெப்பம் குறையும், நீரிழப்பு ஏற்படும், தரையோடு அழுந்திய தசைகள் சிதையத் தொடங்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். எலும்பு முறிவை விடக் கிடந்த நேரமே அதிக கேடு விளைவித்த சந்தர்ப்பங்களை மருத்துவர்கள் நன்கறிவர்.

ஆகவே தாயாருக்குக் கூற வேண்டியது, "விழுந்தால் அது கூப்பிடும்" என்பதல்ல. "விழுந்து, நினைவோடு இருந்தால், நீங்கள்தான் கூப்பிட வேண்டும். நினைவு தப்பினால் மட்டும் அது கூப்பிடும்" என்பதாகும். அந்த அம்மையாரிடம் இவ்விரு வாக்கியங்களையும் கூறி, அவரையே திருப்பிச் சொல்லுமாறு கேட்டேன். அவர் மேலும் சுருக்கி, "முழிப்பாய் இருந்தால் நான், மயங்கினால் அது" என்றார். இதனைவிடச் சிறப்பாக எந்தக் கைந்நூலும் எழுதியதாக நான் அறியேன்.

எப்படிக் கூப்பிடுவது? திரையில் Emergency SOS பட்டை தெரிந்தால் அதனை விரலால் வலப்பக்கம் இழுக்கலாம். ஆனால் மூக்குக் கண்ணாடி எங்கோ தெறித்து, விரல் ஈரமாக, கை நடுங்கும் வேளையில் சிறு பட்டையை இழுப்பது எளிதல்ல. எனவே நான் கற்பித்தது மற்றைய முறையையே. கடிகாரத்தின் பக்கவாட்டில் சுழலும் குமிழ் ஒன்றும், அதன் அருகே தட்டையான நீண்ட பொத்தான் ஒன்றும் உள்ளன. தட்டையான பொத்தானை அழுத்தி, கையை எடுக்காமல் பிடித்துக் கொண்டே இருந்தால் கடிகாரம் எச்சரிக்கை ஒலி எழுப்பி எண்ணத் தொடங்கும். எண்ணி முடிந்ததும் கனடாவில் 911க்கு அழைப்புச் செல்லும். மெல்லச் சரிந்து, கடிகாரம் எதையும் உணராத வேளையிலும் இதே பொத்தான்தான் உதவும். நெஞ்சு வலிக்கும் இதே பொத்தான்தான். பார்வை வேண்டியதில்லை, விரலால் தடவிக் கண்டுபிடித்து விடலாம்.

இதனை ஒத்திகை பார்க்கலாமா என்று பலர் கேட்பர். விழுந்து காட்டவோ, கடிகாரத்தை எறிந்து பார்க்கவோ வேண்டாம். 911ஐ உண்மையில் அழைத்துச் சோதிப்பதும் தவறு. பொத்தானை அழுத்திப் பிடித்து, எச்சரிக்கை ஒலி கேட்டவுடன், எண்ணி முடிவதற்கு முன்னர் கையை எடுத்து விட்டால் அழைப்பு நின்றுவிடும். பிள்ளை அருகில் இருக்கையில் இதனைச் சில தடவைகள் செய்து பார்த்தால் பொத்தானின் அழுத்தமும் ஒலியும் கைக்கும் காதுக்கும் பழகிவிடும். அந்த அம்மையார் முதற் தடவை ஒலி கேட்டுத் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். மூன்றாம் தடவை தாமே சிரித்தபடி நிறுத்தினார்.

அழைப்புச் சென்றபின் நடப்பதையும் கூறிவிட வேண்டும். இல்லையேல் கடிகாரத்திலிருந்து வேற்றுக் குரல் கேட்டுப் பயந்து விடுவார்கள். நினைவிழந்தவருக்காகக் கடிகாரம் தானாக அழைக்கும்போது, இக்கடிகாரத்தை அணிந்தவர் பலமாக விழுந்துள்ளார் என்ற பதிவு செய்யப்பட்ட செய்தியை மறுமுனைக்கு அது ஒலிபரப்பும். இருக்கும் இடத்தை அகலாங்கு, நெட்டாங்கு எண்களாகவும் தெரிவிக்கும். அச்செய்தி மீண்டும் மீண்டும் ஒலித்தாலும், இடையில் மயக்கம் தெளிந்தவர் பேசலாம். ஆங்கிலம் தெரியாது என்று அஞ்ச வேண்டியதில்லை. ரொறன்ரோவின் 911 சேவையில் மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி உண்டு. "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டிக்காமல் காத்திருந்தால் போதும். தவறுதலாக அழைப்புச் சென்றிருந்தாலும் துண்டிக்கக் கூடாது. மறுமுனையில் பேசுபவரிடம் தேவையில்லை என்று கூறிவிட்டே முடிக்க வேண்டும்.

அழைப்பு முடிந்த பின்னரே, முற்கூட்டிப் பதிந்து வைத்த உறவினர்களுக்கு இடவிபரத்துடன் குறுஞ்செய்தி செல்லும். இந்தப் பட்டியலில் லண்டனில் உள்ள மூத்த மகளையும் சிட்னியில் உள்ள மருமகனையும் பாசத்தின் காரணமாகச் சேர்ப்பவர்கள் உண்டு. சேர்க்கட்டும். ஆனால் பத்து நிமிடத்தில் வந்து கதவைத் திறக்கக் கூடிய ஒருவரின் பெயர் அதில் இல்லையென்றால் அப்பட்டியலால் பயனில்லை. ஒரே கட்டடத்தில் வசிக்கும் எமது ஊரவர் ஒருவர் இதற்கு லண்டன் மகளை விடச் சிறந்தவர்.

பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலைக்கு வருகின்றேன். நான் பார்த்த வீடுகளில் ஒரே பிழை திரும்பத் திரும்பக் காணப்பட்டது. தாயிடம் ஐஃபோன் இல்லை என்பதால் மகன் தனது ஐஃபோனுடனேயே தாயின் கடிகாரத்தை இணைத்து விடுகின்றார். அதன் விளைவு என்ன? கடிகாரத்தைப் பொறுத்தவரை அதனை அணிந்திருப்பவர் 42 வயது மகன். 55 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே விழுதல் கண்டறிதல் தானாக இயங்கத் தொடங்கும். மகனின் வயது பதிந்திருந்தால், உடற்பயிற்சி வேளையில் மட்டும் இயங்கும்படி அது அமைந்திருக்கக் கூடும். அம்மா குளியலறைக்குச் செல்வதை எந்தக் கடிகாரமும் உடற்பயிற்சியாகக் கொள்ளாது. மருத்துவ விபரம் என்ற பகுதியிலும் மகனின் இரத்த வகையும் ஒவ்வாமையுமே இருக்கும். அதற்கும் மேலாக, தனியாகத் தொலைபேசி இணைப்பு இல்லாத கடிகாரம் அருகிலுள்ள ஐஃபோனின் வழியாகவே பேசும். அந்த ஐஃபோன் மகனுடன் வேலைக்குப் போய்விடுகின்றது. வீட்டு வைஃபை வழியாக அழைக்கும் வசதியை ஏற்கனவே இயக்கி வைத்திருந்தாலன்றி, கடிகாரம் விழுதலை உணர்ந்தும் எவருக்கும் சொல்ல வழியின்றி ஊமையாகி விடும். எனவே தாயின் பெயரில், தாயின் பிறந்த திகதியுடன் ஒரு பழைய ஐஃபோனாவது வீட்டில் இருக்கட்டும். வசதியுள்ளவர்கள் தனி இணைப்புள்ள கடிகாரத்தையே வாங்கலாம். வைஃபை வழி அழைப்பை இயக்கும்போது தொலைபேசி நிறுவனம் அவசர முகவரி ஒன்றைக் கேட்கும். அதில் மகனின் பழைய முகவரியை அல்ல, தாய் வசிக்கும் முகவரியை இலக்கம் பிசகாமல் பதிய வேண்டும்.

சரிபார்ப்பது எளிது. ஐஃபோனில் உள்ள Watch செயலியில் Emergency SOS என்ற பகுதியைத் திறந்தால் Fall Detection காணப்படும். அது இயங்குவதோடு, எப்போதும் என்ற தெரிவில் இருக்க வேண்டும். கடிகாரத்தின் கடவுக்குறியீட்டுப் பகுதியில் Wrist Detection என்றொரு தெரிவு உண்டு. கடவுக்குறியீட்டின் தொல்லை வேண்டாம் என்று அப்பகுதிக்குள் கைவைப்பவர்கள் இதனையும் சேர்த்து நிறுத்தி விடுகின்றனர். இது நிறுத்தப்பட்டால், விழுந்தவர் அசைவற்றுக் கிடந்தாலும் கடிகாரம் தானாக அழைக்காது. பட்டி தளர்ந்து வளையல் போலக் கையில் ஆடினாலும், கையில் இருப்பதைக் கடிகாரம் உணரத் தவறக் கூடும்.

மின்னேற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. கைத்தொலைபேசியைப் போலவே கடிகாரத்தையும் இரவில் கழற்றி மின்னேற்றுவது பலரது வழக்கம். முதியவரைப் பொறுத்தவரை இது தலைகீழானது. அரைத் தூக்கத்தில், இருட்டில், குளியலறைக்கு நடக்கும் அந்த வேளையிலேயே கடிகாரம் கையில் இருக்க வேண்டும். மாலையில் கதிரையில் அமர்ந்து தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் நேரமே மின்னேற்றத்துக்கு உகந்தது. அந்த அம்மையாரும் நானும் அவ்வாறே முடிவு செய்தோம். தொடர் தொடங்கினால் கடிகாரம் கழற்றப்படும், முடிந்தால் கட்டப்படும். குளிக்கும்போதும் கழற்ற வேண்டியதில்லை. தண்ணீர் அதனைப் பாதிக்காது. சவர்க்கார நுரை காலப்போக்கில் அதன் நீர்த்தடுப்பைக் கெடுக்கலாம் என்பதால், குளித்து முடிந்ததும் நல்ல நீரில் கழுவித் துடைத்து விடலாம். தோற்பட்டி மட்டும் குளியலுக்கு ஆகாது.

இனி, எல்லாவற்றையும் கேட்டபின் அந்த அம்மையார் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வி. "தம்பி, சும்மா கூப்பிட்டுப் போட்டால் ஆயிரக்கணக்கிலை காசு கேப்பாங்களாம். பிள்ளையளுக்குச் செலவு வைக்கக் கூடாது." எமது மூத்தோர் பலர் பொத்தானை அழுத்தாமைக்கு உண்மைக் காரணம் தொழில்நுட்பம் அல்ல, இந்த அச்சமே. அமெரிக்காவில் உள்ள உறவினர் கூறிய கதைகளை இவர்கள் கனடாவுக்கும் பொருத்திக் கொள்கின்றனர். ஒன்ராறியோவில் மாகாண மருத்துவக் காப்புறுதி உள்ள ஒருவர் அம்புலன்ஸில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அது மருத்துவ ரீதியாகத் தேவையானது என்று மருத்துவர் கருதினால், அவர் செலுத்த வேண்டியது 45 டொலர். மாகாண சமூக உதவிக் கொடுப்பனவு பெறுவோருக்கு அதுவும் இல்லை. தேவையற்றது என்று மருத்துவர் கருதினால் 240 டொலர். இத்தொகைகளை நான் கூறியதும் அவர் முகம் சற்றுத் தெளிந்தது. ஆனாலும், "நாப்பத்தைஞ்சோ?" என்று ஒருமுறை உறுதிப்படுத்திக் கொண்டார்.

அடுத்து கதவு. கடிகாரம் அனுப்பும் எண்கள் கட்டடத்தைக் காட்டும். ஒன்பதாம் மாடியா, பதினோராம் மாடியா என்பதைக் காட்டா. உதவிப் பணியாளர்கள் கட்டட வாசலுக்கு விரைந்து வந்தும், எந்த வீடு என்று தேட நேரிடலாம். நினைவோடு இருப்பவர் முதலில் வீட்டு இலக்கத்தையே சொல்ல வேண்டும். அந்த அம்மையார் அதனை ஆங்கிலத்தில் எண் எண்ணாகச் சொல்லப் பழகிக் கொண்டார். நினைவு தப்பினால் சொல்ல ஆள் இல்லை. அதனாலேயே அதே கட்டடத்தில் உள்ள ஒருவருக்குக் குறுஞ்செய்தி செல்ல வேண்டும் என்று மேலே வலியுறுத்தினேன். அவரிடம் மாற்றுத் திறப்பு ஒன்றும் இருக்க வேண்டும். இரவில் உட்புறமாகச் சங்கிலி போட்டுக் கொள்ளும் பழக்கம் எம்மவரிடம் உண்டு. சங்கிலி போட்ட கதவை வெளியிலிருந்து திறப்பால் திறக்க முடியாது. அந்தப் பழக்கத்தை விடும்படி அந்த அம்மையாரை இணங்க வைப்பதற்குக் கடிகாரத்தை விளக்குவதை விட அதிக நேரம் பிடித்தது.

ஊரில் உள்ள பெற்றோருக்கும் இதே கடிகாரத்தை அனுப்பலாமா என்று நண்பர்கள் கேட்கின்றனர். மேலே கூறியவை கனடாவின் இணைப்புகளையும் 911 சேவையையும் வைத்துக் கூறப்பட்டவை. அவற்றை அப்படியே யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ பொருத்த வேண்டாம். இலங்கையில் அம்புலன்ஸுக்குரிய இலக்கம் 1990. அச்சேவை 2018ஆம் ஆண்டு வடக்குக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அந்த இலக்கத்தைத் தொலைபேசியின் முதல் பொத்தானில் பதிந்து, பக்கத்து வீட்டாரின் இலக்கத்தை இரண்டாவதில் பதிந்து, அத்தொலைபேசியைத் தரையில் கிடப்பவருக்கும் கையெட்டும் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.